ரிலீஃப் வால்வைத் திருகாதீர்கள், கழற்றிப் பாருங்கள்: பராமரிப்புத் துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எண்ணெய் ஹோஸ் வெடித்த விவரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும், அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. கிழிந்த ஹோஸுக்குப் பதில் புதிய ஹோஸ் மாட்டியாயிற்று. எண்ணெய் சூடாவதற்குப் பெரிய கூலருக்கு ஆர்டரும் போயிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் காரணமான ரிலீஃப் வால்வை இதுவரை யாரும் கழற்றவில்லை. அதன் ஸ்க்ரூ, அன்று திருகிவிட்ட இடத்திலேயே நிற்கிறது. அதைக் கழற்றிப் பார்த்து, செட்டிங்கைப் பழைய 160 பாருக்குக் கொண்டுவந்த பிறகே பிரஸ்ஸை ஓட்ட அனுமதிக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

இந்தப் பிரஸ் 140 பாரில் வேலையை முடிக்கும். 140 வந்ததும் பிரஷர் சுவிட்ச் தட்டி, பம்ப் நிமிடத்துக்குத் தரும் 40 லிட்டரையும் அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திருப்பிவிடும். அதையும் மீறி அழுத்தம் ஏறினால் திறந்து எண்ணெயை டேங்குக்கு விட, ரிலீஃப் வால்வு 160-இல் காவலுக்கு நிற்கிறது. அந்த 20 பார் இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. முழு ஓட்டத்தையும் விடும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பே வால்வு கசியத் தொடங்கும் என்பதால், 145-இல் வைத்தால் ஒவ்வொரு அடியிலும் எண்ணெய் வீணாக ஓடும். மிக உயரத்தில் வைத்தால் காவல் இருந்தும் பயனில்லை. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் அந்த வால்வு திறக்கவே தேவையில்லை. அதிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் கை வைத்தால் சூடு தெரியாது.

பிறகு ஒரு நாள் கேஜின் முள் 110-ஐத் தாண்டவில்லை. வால்வை மூடும் பாப்பெட்டுக்கும் அது அமரும் சீட்டுக்கும் நடுவே ஒரு சில்லோ, கிழிந்த சீல் துணுக்கோ மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். வால்வு முழுக்கத் திறந்து மாட்டியிருந்தால் அழுத்தமே ஏறியிருக்காது. மெஷின் நின்றிருக்கும், நாமும் அன்றே கழற்றியிருப்போம். அழுத்தமில்லாமல் ஓடும் எண்ணெய் பெரிதாகச் சூடும் ஆகாது. பாதி திறந்து மாட்டுவதுதான் கெடுதல். பிரஸ் ஓடும், மெதுவாக ஓடும். 110 வரை அழுத்தமும் வரும். ஆனால் 140 வராததால் சுவிட்ச் தட்டாது. பம்பின் 40 லிட்டரும் அந்தச் சின்ன இடுக்கு வழியாக, 110 பாரை இழந்து டேங்கில் விழும்.

இழந்த அழுத்தம் எங்கும் போய்விடவில்லை. சிலிண்டரைத் தள்ளியிருந்தால் அது வேலையாகியிருக்கும். எதையும் தள்ளாமல் இடுக்கில் பிதுங்கியதால் அத்தனையும் வெப்பமாகிறது. பாரை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்:

```
110 × 40 ÷ 600 = 7.3
```

தண்ணீர் சுட வைக்கும் ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர் ராடு ஐந்தை எண்ணெய் டேங்குக்குள் போட்டு சுவிட்ச் போட்டது போல. நம் டேங்கில் 200 லிட்டர் எண்ணெய். வெளியே போகும் சூட்டைக் கழிக்காமல் பார்த்தால், அழுத்திப் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒன்றேகால் டிகிரிக்கு மேல் ஏறும். இடுக்கைத் தாண்டும் எண்ணெயே நுழைந்ததைவிட ஆறேழு டிகிரி கூடுதலாக வெளியே வரும். அதனால்தான் வால்வின் டேங்க் குழாய் மட்டும் தனியாகக் கொதிக்கிறது. பக்கத்துக் குழாய்களோடு ஒப்பிட்டு ஒரு வெப்பமானியைக் காட்டினால் போதும், கூலருக்கு ஆர்டர் போடும் முன்பே விடை தெரிந்திருக்கும்.

ஐயா, இந்தச் சூட்டில் நின்றவர் ஒரு ஆபரேட்டர். ஆட்டோ முறையில் ஒரு சுற்று முடியவில்லை என்பதால் மேனுவலில் ஓட்டச் சொன்னார்கள். மேனுவலில் பிரஷர் சுவிட்சுக்கு வேலையில்லை. லீவரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு அடியில் பீஸ் முழுசாக அமராததால் இன்னொரு அடி, அதுவும் போதாமல் நீண்ட நேரம் அழுத்தல். அவர் அழுத்திப் பிடிக்கப் பிடிக்க எண்ணெய் சூடானது. சூடான எண்ணெய் தண்ணீராக இளகும். 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை, 70 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். பம்புக்குள்ளேயே கசிவு கூடி அடி இன்னும் மெதுவானது. டேங்க் ஓரத்தில் கை வைக்க முடியாத நிலை வந்ததும் அவரே பிரஸ்ஸை நிறுத்தி ஆற விட்டார். அது பொறுப்பான செயல். அதற்கு அவருக்குக் கிடைத்தது, உற்பத்தி குறைந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மெமோவுக்குப் பிறகுதான் ஸ்க்ரூவில் ஸ்பேனர் விழுந்தது. ‘பிரஷர் குறைகிறது, ஏற்று’ என்று உத்தரவு. கால் திருகு, அரைத் திருகு, முள் அசையவில்லை. அசையாது. எண்ணெய் போவது ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு அல்ல, துணுக்கு விட்ட இடைவெளியில். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி குறையாது. முள் அசையாத அந்தக் கணத்திலேயே ஸ்பேனரைக் கீழே வைத்திருக்க வேண்டும். கோளாறு செட்டிங்கில் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. மாறாக மேலும் திருகினார்கள். பிறகு ஒரு அடியில் துணுக்கு விலகியது. வால்வு நன்றாக மூடியது. சுவிட்ச் இல்லை, காவல் 240 பாருக்கு மேலே போயிருந்தது. சூட்டில் இளகிய ஹோஸ் முதலில் கிழிந்தது. கொதிக்கும் எண்ணெய் ஆபரேட்டரின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் பீய்ச்சியது. ஒரு சாண், ஐயா.

உற்பத்திக் கூட்டத்தில் நிமிடக் கணக்குப் பேசப்படுகிறது. ஃபில்டர் மாற்றக் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். மின்கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்கிறார்கள். மோட்டார் மின்சாரத்தைத் தின்று எண்ணெயைச் சூடாக்க, அதை ஆற்றக் கூலர் இன்னொரு முறை தின்னும். பெரிய கூலர் வந்தால் வெப்பமானியில் சூடு குறைந்து தெரியும், வால்வு எப்போது மூடும் எப்போது திறக்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது அதிகமில்லை. ஒரு ஷிப்டின் பாதி போதும். அழுத்தத்தை முழுக்க இறக்கி வால்வைக் கழற்றி, பாப்பெட்டிலும் சீட்டிலும் கோடு விழுந்திருக்கிறதா, நடுத்துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும். துணுக்கு எங்கிருந்து வந்தது என்று ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். மாட்டியபின் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்தி, சிலிண்டரை ஓட்டத்தின் முடிவில் நிறுத்தி, எண்ணெய் வழக்கமான சூட்டில் இருக்கும்போது கேஜைப் பார்த்தபடி மெதுவாக 160-க்கு ஏற்ற வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் நேரம் எடுக்கக் கூடாது, அந்த நேரமும் முழு ஓட்டம் வால்வு வழியேதான். பிறகு லாக் நட்டை இறுக்கி சீல் வைத்து, அந்த எண்ணை வால்வருகே எழுதி வைக்க வேண்டும்.

வேலை அனுமதிச் சீட்டில் உங்கள் கையெழுத்து இல்லாமல் என்னால் வால்வைத் தொட முடியாது. அதை இன்றே தந்து, வால்வைக் கழற்றிப் பார்க்கும்வரை பிரஸ்ஸை நிறுத்தி வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரஸ் பிரிவு ஷிப்டு ஃபிட்டர்