பாஸ்போர்ட்டுக்கு 1,350 ரூபாய். அக்கா கட்டியது 3,499

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அக்காவுக்கு வயது 62. சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும் என்று முதல் முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். "எல்லாம் போனிலேயே முடிச்சிட்டேன்டா, 3,499 ரூபாய் கட்டியாச்சு" என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் அரசுக் கட்டணம் 1,500 ரூபாய்தான். அறுபதைத் தாண்டியவர்கள் புதிதாக விண்ணப்பித்தால் அதிலும் 10 சதவீதம் குறைவு. 1,350 ரூபாயில் முடிய வேண்டிய காரியம் இது.

தத்கால் போட்டாரோ என்று முதலில் நினைத்தேன். தத்கால் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். பொதுவாக மொத்தம் 3,500 வரும். அந்தத் தளம் கேட்டதோ அதற்கு ஒரு ரூபாய் குறைவு. விவரம் அரைகுறையாகத் தெரிந்தவர்கூட "தத்கால் கட்டணம் போல" என்று நினைத்துப் பேசாமல் கட்டிவிடுவார். விலையை வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், அவர் செய்ததை மறுபடி செய்துகாட்டச் சொன்னேன். கூகுளில் passport apply online என்று தட்டினார். முதலில் வந்ததைத் தொட்டார். அதன் தலைமேல் Sponsored என்ற சொல் சின்னதாக இருந்தது. அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அரசின் தளம் அதற்குக் கீழே, விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் இருந்தது. திறந்த பக்கத்தில் மேலே மூவண்ணப் பட்டை, பாஸ்போர்ட் அட்டையின் படம், நடுவில் படிவம். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், தாங்கள் தனியார் ஆலோசனை நிறுவனம் என்றும் அரசுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்றும் ஒரு வரி. கண்ணாடி போட்டுக்கொண்டு நானே இரண்டு முறை தேடித்தான் அதைக் கண்டுபிடித்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால் அவர்கள் காட்டுவது அந்த வரியைத்தான்.

போலித் தளத்தைக் கண்டுபிடிக்க முகவரி தவிர வேறு அடையாளமும் உண்டு என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அரசின் passportindia.gov.in தளத்தில் எடுத்த எடுப்பில் படிவம் வராது. முதலில் நாம் பதிவு செய்து, நம் மின்னஞ்சலில் ஒரு யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் லாகின், படிவம், கட்டணம், நேர்காணல் தேதி என்று போகும். அக்கா போன தளமோ லாகின் எதுவும் கேட்காமல் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று வாங்கிக்கொண்டு நேரே பணத்துக்கு வந்துவிட்டது. யுபிஐயில் பணம் போன இடத்தில் ஏதோ ஒரு கன்சல்டன்சியின் பெயர் இருந்தது. அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி: ஆதார் நகலும் போட்டோவும் அனுப்புங்கள். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் போட்டோவை அங்கேயே எடுப்பார்கள். பெரியவர்கள் முன்கூட்டி யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டையும் அனுப்பிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை, அவர்கள் முழுக்க ஏமாற்றவில்லை. மூன்று நாள் கழித்து உண்மையான ரசீது வந்தது. விண்ணப்ப எண் சரி, தஞ்சாவூர் கேந்திராவில் தேதியும் சரி, கட்டிய தொகை 1,350 என்று அதிலேயே இருந்தது. அக்காவின் விவரங்களை எடுத்துக்கொண்டு போய் அரசின் தளத்தில் அவர்கள் நிரப்பியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு 2,149 ரூபாய். எங்கள் கடைத்தெரு பிரவுசிங் சென்டர் பையன் இதே வேலைக்கு 150 ரூபாய் வாங்குகிறான். யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தும் விடுகிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையான சிக்கல் அந்தத் தாள் இல்லாததில்தான் வந்தது. குறித்த தேதிக்கு முந்தின நாள் அக்காவுக்குக் காய்ச்சல். தேதியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் லாகின் செய்தால்தான் முடியும். கணக்கு இருப்பதோ அவர்களுடைய மின்னஞ்சலில். கேட்டால் தேதி மாற்ற 500 ரூபாய் என்றார்கள். நான் பேசி, 1930-க்குப் போன் போட்டு சைபர் குற்றப் புகார் கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன பிறகு, இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்ட் வந்தது. தேதியை நாங்களே மாற்றினோம். பணம் திரும்பவில்லை. அக்காவின் ஆதார் நகல் அவர்களிடமே இருக்கிறது; என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

போலித் தளங்களைப் பற்றி வெளியுறவுத் துறை எச்சரிக்காமல் இல்லை. .org, .com, .in என்று முடியும் சில முகவரிகளைப் பெயர் சொல்லியே பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் இருப்பது அரசின் பாஸ்போர்ட் தளத்தில்! சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு அது எதற்கு? அரசிடம் நேரடியாகக் கிடைக்கும் ஆவணங்களுக்குத் தனியார் விளம்பரம் செய்வதை கூகுளின் விளம்பர விதிகளே கட்டுப்படுத்துகின்றன. அப்படியும் இது வந்திருக்கிறது. விளம்பரத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்தேன். அந்த விளம்பரம் போய்விட்டது. சில நாளில் வேறு பெயரில், அதே படிவத்தோடு, இன்னொன்று வந்து நின்றது.

"gov.in என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று அக்காவிடம் சொன்னேன். நல்ல விதிதான். .in, .org, .com ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம்; .gov.in அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். முகவரியில் https:// போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது புள்ளியோடு சேர்ந்த .gov.in ஆக இருக்க வேண்டும், gov.in என்பது நடுவில் எங்கோ வந்தால் கணக்கில்லை. அக்கா உடனே கேட்டார்: "போன மாசம் பேத்தியோட பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் குடுத்தியே, அது crstn.org தானேடா?"

எனக்குப் பதில் இல்லை. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கு நம் மாநிலத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படும் அரசுத் தளம் .org என்று முடிகிறது. அங்கே சான்றிதழைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒருவர் தளம் தொடங்கினால் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? மின்கட்டணம் கட்ட மக்கள் பழகிய tnebnet.org முகவரியும் இதே கதைதான். ரயில் டிக்கெட்டுக்கு irctc.co.in. எல்லாமே அசல்தான், எதிலும் gov.in இல்லை.

மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று அறிக்கை விடுவதற்கு முன், மாநில அரசு தன் தளங்களை எல்லாம் tn.gov.in-இன் கீழ் கொண்டுவரட்டும். பழைய முகவரியைத் தட்டினாலும் புதியதற்குத் தானாகப் போகும்படி வைத்தால் யாருக்கும் சிரமம் இருக்காது. பிறப்புச் சான்றிதழ் தளத்திலிருந்தே தொடங்கலாம். பாஸ்போர்ட் விஷயத்தில், அந்த எச்சரிக்கைப் பட்டியலைத் தபால் நிலையங்களிலும் இ-சேவை மையங்களிலும் தமிழில் அச்சடித்து ஒட்ட வேண்டும். அரசுக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில், பட்டியலுக்கு மேலே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.