இரண்டு பொட்டலம், ஒரே சரக்கு: உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வழக்கறிஞர். உங்கள் துறை சீல் வைக்கும் பெட்டிக்கடைகளுக்காக ஆஜராகிறவன். எதிர்த்தரப்பு ஆள் மடல் எழுதுகிறானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். குட்கா தடையை எடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இந்தத் தடை கடைக்காரனைப் பிடிக்கிறது, சரக்கை விட்டுவிடுகிறது. அது ஏன் என்பது நான் நிற்கும் பக்கத்திலிருந்து கொஞ்சம் தெளிவாகவே தெரிகிறது.

கடை முகப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஷாம்பு சரத்துக்கும் ஊறுகாய் சரத்துக்கும் நடுவில் பான்மசாலா சரம் ஒன்று தொங்குகிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் கடைக்காரருக்கு இல்லை. அதில் புகையிலை கிடையாது. பாக்கு, காசுக்கட்டி, சுண்ணாம்பு, ஏலக்காய், வாசனை, அவ்வளவுதான். பின்பக்கம் உணவு உரிம எண்கூட அச்சிட்டிருக்கிறது. வருகிறவர் அந்தச் சரத்தை ஒரு பார்வை பார்த்து விரலைக் காட்டுகிறார். கடைக்காரர் சரத்திலிருந்து ஒன்றைக் கிழிக்கிறார். இன்னொரு கை கல்லாவுக்கு அடியில் போய்ச் சின்னதாக இன்னொரு பொட்டலத்தை எடுக்கிறது. அது ஜர்தா, மெல்லும் புகையிலை. பெரும்பாலும் இரண்டு உறையிலும் ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே எழுத்து. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை. வாங்கியவர் நாலடி நடப்பதற்குள் ஒன்றைப் பிரித்து மற்றதில் கொட்டி, குலுக்கி, வாயில் போட்டுக்கொள்கிறார். 2013 மே மாதம் தமிழ்நாட்டில் தடை செய்த குட்கா அந்தக் குலுக்கலில்தான் உருவாகிறது. அதைத் தயாரித்த ஆலை எது என்று கேட்டால் வாங்கியவரின் வாய் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

வழி இப்படித் திறந்ததற்குக் காரணம் இரண்டு சட்டங்கள். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2.3.4, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேரக்கூடாது என்கிறது. அதை வைத்து மாநிலங்கள் குட்காவை வரிசையாகத் தடை செய்தன. 2012-இல் மத்தியப் பிரதேசம் முதலில் செய்தது. குட்கா என்பது பாக்கும் புகையிலையும் ஒரே உறையில் கலந்த சரக்கு. உடனே கலவையைப் பிரித்தார்கள். பாக்குப் பகுதி உணவுச் சட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. புகையிலைப் பகுதி, தான் உணவே இல்லை என்று சொல்லிக்கொண்டு 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்தச் சட்டம் விற்பனையைத் தடுப்பதில்லை. உறையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடு, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்காதே, கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்காதே என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆக, ஒவ்வொரு பொட்டலத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

கைனிக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. அது புகையிலையும் சுண்ணாம்பும் மட்டும். பாக்கு சேராததால் ஜோடியும் தேவையில்லை. 'இது உணவில்லை' என்ற ஒரே வாதத்தில் தனியாக நிற்கிறது.

உங்கள் துறை இது தெரியாமல் இல்லை. தமிழ்நாட்டின் அறிவிக்கையைப் படித்திருக்கிறேன். தனித்தனிப் பொருளாகக் கட்டியிருந்தாலும், வாங்குகிறவர் எளிதில் கலந்துகொள்ளும்படி விற்றால் அதுவும் தடைக்குள் வரும் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த இரட்டைப் பொட்டல உத்தியைக் கவனத்தில் எடுத்துக்கொண்டு, தடையை ஒழுங்காக நிறைவேற்றும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. எழுத்தில் குறை அதிகமில்லை. மாதிரி எடுக்கும் இடத்தில்தான் ஜோடி பிரிந்துபோகிறது.

நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். அலுவலர் வருகிறார், கல்லாவுக்கு அடியில் கையை விடுகிறார், ஜர்தாப் பொட்டலங்களை எடுத்து எண்ணி, பறிமுதல் பதிவான மகஜரை எழுதுகிறார். தலைக்கு மேல் தொங்கும் பான்மசாலா சரம் அப்படியே தொங்குகிறது. அது தடை செய்த பொருள் இல்லையே! மாதிரி நான்கு பங்காகி, ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகிறது. பதினான்கு நாளில் அறிக்கை வர வேண்டும். அறிக்கை 'புகையிலை இருக்கிறது' என்கிறது. புகையிலைப் பொட்டலத்தில் புகையிலை இருப்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. என்னைப் போன்ற ஒருவர் எழுந்து கேட்பது வேறு: 'ஐயா, இது உணவு என்பதற்கும், கலப்பதற்காக விற்றது என்பதற்கும் சாட்சி எங்கே?' சாட்சி அங்கேயே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கோப்புக்குள் மட்டும் வரவில்லை.

பகுப்பாய்வாளரிடம் இன்னொரு கேள்வியையும் யாரும் கேட்பதில்லை. பான்மசாலாவில் உள்ள சுண்ணாம்பு சும்மா இல்லை. அது வாயில் காரத்தன்மையைக் கூட்டுகிறது. காரத்தன்மை கூடினால் நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாக வேகமாக ரத்தத்தில் ஏறும். கைனியைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கசக்குவதும் இதற்காகத்தான். அதாவது புகையிலைப் பொட்டலத்தின் வேகத்தைக் கூட்டுவதே பாக்குப் பொட்டலம்தான். ஒன்று மற்றதன் பாகம் என்று காட்ட இதைவிட நேரான ஆதாரம் எனக்குத் தோன்றவில்லை. போதாததற்குப் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோய்க்கும் முக்கியக் காரணம் பாக்குதான். வெளியே தொங்கும் பாதி பாவம், உள்ளே இருக்கும் பாதிதான் விஷம் என்ற நினைப்பு அலுவலர்களிடம்கூட இருக்கிறது.

'உணவில்லை' என்ற வாதத்துக்கும் பதில் உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மனிதர் உட்கொள்ள உத்தேசித்த எந்தப் பொருளையும் உணவு என்கிறது. மென்று துப்பும் சூயிங்கம்மைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. விலக்கு கொடுத்த பட்டியலில் கால்நடைத் தீவனம், மருந்து, அழகுசாதனம், போதைப்பொருள் எல்லாம் இருக்கின்றன. புகையிலை இல்லை. டெல்லியில் ஒரு தனி நீதிபதி 2022-இல் அங்குள்ள தடையை ரத்து செய்தார். 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றித் தடையை நிலைநிறுத்தியது.

நமக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். தடைக்கு அடிப்படையான 30(2)(அ) பிரிவு, பொதுச் சுகாதார நலனுக்காக ஓராண்டுக்கு மேற்படாமல் தடை விதிக்க ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. நாம் அதை ஆண்டுதோறும் மே மாதத்தில் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், அவசரத்துக்குத் தந்த தற்காலிக அதிகாரத்தை நிரந்தரத் தடையாக நீட்ட முடியாது என்று 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகு, மே மாதம் புது அறிவிக்கை வந்தது. இது எதிர்பாராத அடியும் இல்லை. பழைய கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மகாராஷ்டிரா 2002-இல் போட்ட தடையை 2004-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான் ரத்து செய்தது. இருபது ஆண்டு எச்சரிக்கை இருந்தும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஓராண்டு ஆயுள் உள்ள தடையை நம்பி எந்த மொத்த வியாபாரியும் தொழிலை மாற்றிக்கொள்ள மாட்டான்.

இனி கடைக்காரரின் கணக்கு. இது அவரே வாய்திறந்து சொல்லாத கணக்கு என்பதால் ஓர் உதாரணமாக நானே போடுகிறேன். ஜோடிக்குப் பத்து ரூபாய் லாபம், நாளைக்கு நாற்பது ஜோடி என்று வையுங்கள். நாளைக்கு 400, மாதம் 12,000. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 25,000 ரூபாய், பதினைந்து நாள் கடை மூடல். இரண்டாம் முறை 50,000 ரூபாய், முப்பது நாள். மூன்றாம் முறை ஒரு லட்சம், தொண்ணூறு நாள். முதல் அபராதம் இரண்டு மாத லாபத்துக்குக் கொஞ்சம் மேல். ஆண்டுக்கு ஒரு முறை பிடிபட்டாலும் அவர் நஷ்டப்படுவதில்லை. அதோடு, ஜோடி வாங்க வருகிறவர் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு போகிறார். 'வைக்கலேன்னா அவன் அடுத்த கடைக்குப் போயிடுவான் சார்' என்று என் கட்சிக்காரர் ஒருவர் சொன்னது பொய்யில்லை. தடை வந்த பிறகு பொட்டலம் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிறது. அந்தக் கூடுதலும் லாபமாகத்தான் போகிறது. அபராதத்தை இன்னும் ஏற்றினால் சில கடைகள் விடும். விடாத கடைகள் விலையை ஏற்றும்.

சரக்கு வரும் பாதையில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. மெல்லும் புகையிலை பல மாநிலங்களில் சட்டப்படி தயாராகி, வரி கட்டி, பில்லோடு கிளம்புகிறது. மத்திய அரசின் வரிப் பட்டியலில் ஜர்தாவுக்கும், ஏன், குட்காவுக்கும்கூடத் தனி வரி விகிதம் இருக்கிறது! எல்லைக்கு அந்தப் பக்கம் அது வெறும் சரக்கு, இந்தப் பக்கம் குற்றப்பொருள். சோதனைச் சாவடியில் மாட்டுவது ஓட்டுநர். அனுப்பியவர் 'நான் தமிழ்நாட்டுக்கு அனுப்பவில்லை' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்.

ஆகவே நான் கேட்பது முதலில் மகஜரைப் பற்றி. ஜர்தா கிடைத்த கடையில் அதே பெயருள்ள பான்மசாலாவையும் அதே மகஜரில், பக்கத்துப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தோடு பறிமுதல் செய்யச் சொல்லுங்கள். இரண்டு உறையின் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண், அச்சிட்ட விலை நான்கையும் எதிரெதிரே எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் உறையில் உள்ள அளவிலேயே கலந்து காரத்தன்மையும் நிகோடினும் பார்க்கும்படி பகுப்பாய்வாளரிடம் தனிக் கோரிக்கை வையுங்கள். கலப்பதற்காக விற்றது என்று அறிவிக்கை சொல்வதற்கு அன்றைக்குத்தான் சாட்சி கிடைக்கும்.

அடுத்து, அந்தத் தொகுதி எண்ணைப் பிடித்து மேலே போங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, ஒரு தொகுதியில் ஒரு பொட்டலம் பாதுகாப்பற்றது என்றால், மாறாக நிரூபிக்கும் வரை, அந்தத் தொகுதி முழுவதும் பாதுகாப்பற்றதாகவே கொள்ளப்படும். 27-ஆவது பிரிவு தயாரிப்பாளரையும் விநியோகிப்பவரையும் பொறுப்பாக்குகிறது. ஜர்தாக்காரர் மற்றொரு மாநிலத்தில் இருக்கலாம். ஆனால் அதே பெயரில் பான்மசாலாவை இங்கே விற்கும் விநியோகஸ்தர் உங்கள் உரிமத்தில் இருக்கிறார். அவருடைய கிடங்குப் பதிவேடு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. எந்தக் கடைக்கு எத்தனை சரம் போனது என்று அதில் இருக்கும். பான்மசாலா சரம் அதிகம் போகும் தெருவில் ஜர்தாவும் அதே அளவு போகிறது என்று ஊகிக்கப் பெரிய புலனாய்வு வேண்டாம். கடைக்காரருக்கு அனுப்பும் நோட்டீஸின் ஒரு நகல் அந்த விநியோகஸ்தருக்கும் போகட்டும். என் கட்சிக்காரர்கள் இதற்கு வருத்தப்பட மாட்டார்கள்.

கடைசியாக, அடுத்த மே மாத அறிவிக்கைக்கு முன், இதைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோக அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். ஆணையர் ஓராண்டுக்குச் செய்யும் தடையைச் சட்டமன்றம் காலவரம்பு இல்லாமல் செய்ய முடியுமா, மத்தியச் சட்டத்தோடு மோதுமா, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டுமா என்று கேள்விகள் வரும். வரட்டும். அவற்றை அட்வகேட் ஜெனரலிடம் இப்போதே கேட்கலாம். அதுவரை நீதிமன்றத்தில் நான் என் கட்சிக்காரருக்காக எழுந்து, தொங்கிய சரம் எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்