ஆதிராவா, ஆதிரையா?

அன்பு மகளுக்கு,

நேற்று நீ சொன்ன பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நிலா, ரக்ஷிதா, அத்விகா, யாழினி, யாமினி, மீனா, ஆதிரா. ஏழு. மாப்பிள்ளையின் அக்கா சொன்ன தியாவையும் சேர்த்தால் எட்டு. "பேரு தமிழா இருக்கணும்மா, ஆனா எது தமிழ், எது வெளியிலிருந்து வந்ததுன்னு எனக்குப் பிடிபடல. நீ மட்டும் காதுல விழுந்ததும் எப்படிச் சொல்ற?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ரக்ஷிதாவையும் அத்விகாவையும் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ல, ள, ழ, ற, ன ஆகியவையும் அப்படித்தான். இது வெறும் ஏட்டு விதி என்று நினைத்துவிடாதே. நம் வாயே அப்படிப் பழகியது. ராமன் இராமன் ஆனதும், ரங்கன் அரங்கன் ஆனதும், லட்சுமி இலக்குமி ஆனதும், முன்னால் ஓர் உயிரெழுத்து இல்லாமல் அந்த ஒலியைத் தொடங்க நாக்கு மறுத்ததால்தான். ஆனால் இகரம் போட்டு எழுதிவிட்டால் ஒரு பெயர் தமிழாகிவிடாது. இரஞ்சனி என்று எழுதினாலும் அவள் ரஞ்சனிதான்.

அத்விகாவில் முதலெழுத்துச் சரி. இடறுவது நடுவில். க், ச், த், ப் நான்கும் ஒரே சொல்லுக்குள் புள்ளி வைத்து நின்றால், அடுத்து அதே எழுத்துத்தான் வர வேண்டும். பக்கம், பச்சை, முத்து, அப்பா என்று சொல்லிப் பார். 'த்'துக்குப் பக்கத்தில் 'வி' வந்து உட்காராது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் வித்யா, மித்ரா, சக்தி, தீப்தி, பக்தி எல்லாம் தாமாகவே பிரிந்து தெரியும். பழைய தமிழில் சக்தியைச் சத்தி என்று எழுதினார்கள். சொல் நம் வாய்க்குள் நுழைய ககரத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

தியாவைத் தாளில் பார்த்தால் ஒரு தடையும் தெரியாது. அதைக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு முதலில் 'தீ' என்று சொல், பிறகு அவர்கள் கூப்பிடுகிற மாதிரி 'தியா' என்று சொல். இரண்டாவதில் வாய் திறக்கும்போதே தொண்டை அதிரும். பாவை, பானு இரண்டிலும் இதே வித்தியாசத்தைக் கேட்கலாம். பேச்சு வழக்கில் குண்டு, பொம்மை போன்ற சில சொற்களை நாமும் அழுத்தித் தொடங்குகிறோம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் எழுத்து மறைப்பதைக் காது காட்டிக்கொடுக்கும்.

இதுவரை சொன்னது எளிது. நீ குழம்பியது வேறு இடத்தில். உன் எட்டுப் பெயரில் ஆறு ஆகாரத்தில் முடிகின்றன. "ஆ-ன்னு முடிஞ்சா சமஸ்கிருதமாம்மா?" என்று கேட்டாயே, பாதி சரி.

வடமொழியில் பெண்பாற் பெயர்கள் ஏராளமாக ஆகாரத்தில் முடியும். அவை தமிழுக்குள் வந்தபோது அந்த ஆகாரம் ஐகாரமாகிவிடும். சீதா சீதை ஆனாள், ராதா ராதை ஆனாள், சபா சபை ஆனது, ஆசா ஆசை ஆனது. யசோதாவைப் பெரியாழ்வார் அசோதை என்று பாடுகிறார். முன்னால் யகரம் போய், பின்னால் ஆகாரமும் மாறிவிட்டது. அப்படியென்றால் ஆகாரத்திலேயே நிற்கும் பெயர் இன்னும் வடமொழி உடையைக் களையவில்லை என்று பொதுவாகச் சொல்லலாம்.

நிலா அப்படியில்லை. நிலா, கனா, விழா, புறா, இரா என்று வரிசையாகச் சொல். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டைப் பிறவி உண்டு: நிலவு, கனவு, விழவு, புறவு, இரவு. முதலில் ஒரு குற்றெழுத்து, அதன் பின் ஆகாரம் என்று வந்தால், அந்த ஆகாரம் குறுகி உகரம் ஏற்கலாம் என்று நன்னூல் சொல்கிறது. இரண்டு வடிவமும் தமிழில் காலங்காலமாகச் சேர்ந்தே புழங்குகின்றன. லதாவை இப்படி மாற்றிப் பார். 'லதவு' வருமா? சீதவு, ராதவு? வராது. கடன் வாங்கிய சொல்லுக்கு இந்த அசைவு கிடையாது. ஒரு பெயர் ஆகாரத்தில் முடிகிறதா என்பதைவிட, அந்த ஆகாரம் 'அவு' ஆகுமா என்று நான் கேட்டுப் பார்ப்பது இதனால்தான். நிலவு என்றால் முதலில் நிலவொளி. வானத்தில் இருப்பதற்குத் திங்கள் என்று பெயர். பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டிலும் (112) திங்கள் தனியாக வருகிறது, அதன் வெண்ணிலவு தனியாக வருகிறது. குட்டிக்கு நிலா என்று வைத்தால் அவளைத் திங்கள் என்று அழைக்காமல் வெளிச்சம் என்று அழைப்பதாக நினைத்துக்கொள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

மீனாவில் சொல் நம்முடையது. மீன் என்ற சொல் கன்னடத்தில் மீன், தெலுங்கில் மீனு என்று குடும்பம் முழுக்க இருக்கிறது. இங்கிருந்துதான் அது வடமொழிக்குப் போனது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பின்னால் ஒட்டிய ஆகாரம் மட்டும் அங்கத்திய வழக்கம். உடல் தமிழ், உடை வேறு.

இப்போது யாழினி, யாமினி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் ஒலிச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும். சொல்லுக்கு முதலில் யகரம் வருவதென்றால் யா மட்டுமே வரலாம் என்கிறது தொல்காப்பியம். இரண்டுமே அந்த யாவில்தான் தொடங்குகின்றன. 'இனி' என்ற முடிவை வைத்தும் பிரிக்க முடியாது. பத்மினி, மோகினி, நந்தினி என்று வடமொழியிலும் அது நிறைய உண்டு. அதனால் வாலைக் கழற்றிவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். யாழினியில் யாழ் நிற்கிறது. தனியாக நிற்கும் சொல், அதிலும் ழகரத்தோடு. யாமினியில் மிஞ்சுவது இரவின் ஒரு பகுதியைக் குறிக்கும் யாம. வடமொழியில் யாமினி என்றாலே இரவுதான். பெயர்ப் பட்டியல்களில் யாமினியைத் தூய தமிழ் என்று போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 'யா'வைக் கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். ழகரம் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதே. அமிழ்து அமிர்தத்தின் திரிபு என்பவர்களும் உண்டு, இல்லை தமிழேதான் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கடைசியாக ஆதிரா. அதைச் சொல்லும்போது உன் குரலிலேயே ஆசை தெரிந்தது. ஆகையால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஆகாரத்தைச் சோதி. 'ஆதிரவு' வருமா? வராது. சரி, ஆகாரத்தை ஐகாரமாக்கிப் பார். ஆதிரை. உடனே தமிழ் மணக்கிறது, இல்லையா? மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. திருவாதிரை என்று ஒரு நட்சத்திரமே இருக்கிறது. முதலெழுத்து, நடு, ஈறு எதிலும் குறை சொல்ல முடியாது. நீ சிறுமியாக இருந்தபோது என் தோழி ஒருத்தி தன் மகளுக்குப் பெயர் கேட்டு வந்தாள். நான் கொஞ்சமும் தயங்காமல் ஆதிரை சுத்தத் தமிழ் என்று சொல்லி அனுப்பினேன். பல வருடம் கழித்து வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

அந்த நட்சத்திரத்துக்கு வடமொழியில் ஆர்த்ரா என்று பெயர். ஈரம் என்று பொருள். ஆருத்ரா தரிசனம் என்கிறோமே, அந்த ஆருத்ராவும் இதுதான். திருவாதிரைத் திருநாளையும் ஆருத்ரா தரிசனத்தையும் ஒரே நாளில் கொண்டாடிக்கொண்டே இரண்டும் ஒரே சொல் என்பதை நான் கவனிக்கவில்லை. ஆர்த்ரா தமிழுக்குள் வந்த வழியைப் பார். ர், த், ர் என்று மூன்று மெய் நெருக்கிக்கொண்டு நின்றதை நம் வாய் தாங்கவில்லை. முன்னால் இருந்த ரகரம் உதிர்ந்தது. தகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் ஓர் இகரம் நுழைந்து 'திர' ஆனது. ஈற்று ஆகாரம் சீதைக்கும் ராதைக்கும் நடந்தது போலவே ஐகாரமானது. ஆதிரை பிறந்தாள். ஒலிச் சோதனையில் அவள் தேறாமல் எப்படி இருப்பாள்? அந்தச் சோதனைக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டவள் அல்லவா!

ஒலி தவறினால் பெரும்பாலும் வெளிச்சொல் என்று சொல்லலாம், ஒலி சரியாக இருப்பதால் மட்டும் தமிழ் என்று சொல்ல முடியாது என்று நான் பிடிவாதமாக இருப்பது அன்றிலிருந்துதான். தேறிய பெயரிடம் உனக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்க வேண்டும். மகிழ் என்றால் மகிழ்ந்தாள், மகிழ்ச்சி, மகிழ்நன் என்று கூட்டமாக வந்து நிற்பார்கள். ஆதிரைக்கு அப்படி யாரும் இல்லை. ஆதிர்ந்தாள் என்று ஒரு வினை கிடையாது. அதிர் உண்டு, ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை. ஒட்டு உறவு இல்லாமல் ஒற்றையாக நிற்கும் பெயரைக் கண்டால் அகராதியைத் திற. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் சொல்லுக்குப் பக்கத்திலேயே மூலத்தைக் குறித்திருப்பார்கள்.

அதற்காக ஆதிரையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நம் வீட்டில் வளர்ந்து, காப்பியத்தில் இடம் பிடித்த பெண் அவள். எனக்குச் சங்கடம் ஆதிராவில்தான். தமிழ் அத்தனை பாடுபட்டு ஐகாரமாக்கிய ஈற்றை மறுபடியும் ஆகாரமாக்கிவிட்டார்கள். அது ஆர்த்ராவும் இல்லை, ஆதிரையும் இல்லை. ஏன் அப்படி ஆனது என்பதையும் ஊகிக்க முடிகிறது. பேச்சில் ஈற்று ஐகாரம் தேய்ந்துவிடும். மலையை 'மல' என்கிறோம், ஆதிரையை 'ஆதிர' என்போம். கூப்பிடும்போது பெயர் பாதியில் அறுந்தது போல இருக்கிறது என்று நீட்டியிருக்கலாம்.

தமிழ்தான் வேண்டும் என்றால் நிலா, யாழினி இரண்டில் ஒன்று. மனம் அந்த நட்சத்திரத்தின் மேலேயே இருக்கிறது என்றால் ஆதிரை என்று எழுதிப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய். மாப்பிள்ளையை அடுத்த அறையில் நிற்கவைத்து, குட்டியைக் கூப்பிடுவது போல மூன்று பெயரையும் ஒவ்வொரு முறை உரக்கக் கூப்பிடச் சொல். அதை அப்படியே பதிவு செய்து எனக்கு அனுப்பு. கேட்டுவிட்டு இரவு போன் செய்கிறேன்.

அம்மா