சிவப்பில் போட்ட விலை அப்புச்சிக்குத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோபியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். உங்கள் பத்திரிகை இப்போது செல்போனில் தினமும் மஞ்சள் விலை, பேட்டி என்று சின்னச் சின்ன வீடியோ போடுகிறீர்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் பார்க்கிறோம். அதில் வரும் எழுத்தின் நிறத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன தை மாதம் நடந்தது. ஓர் உள்ளூர் சேனலில் சாயங்காலம் மஞ்சள் விலை ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புப் பட்டையில், ஏறின விலை பச்சை எழுத்தில், இறங்கின விலை சிவப்பு எழுத்தில். ஏற்றம் என்றோ இறக்கம் என்றோ ஒரு வார்த்தையும் கிடையாது, நிறம்தான் அடையாளம். அன்றைக்கு மஞ்சளில் கிழங்கு வகை பச்சை எழுத்தில் வந்தது, விரலி வகை சிவப்பில். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி, என் அம்மாவின் அப்பா, கேட்டார்: "ஏஞ்சாமி, விரலிக்கு இன்னைக்கு வெலையே போடுலியாட்ட இருக்குது?" எனக்கு அந்த வரி பளிச்சென்று தெரிகிறது. அவருக்கு அந்த இடத்தில் கறுப்புதான். கிழங்கு ஏறியிருக்கிறதே, விரலியும் ஏறித்தான் இருக்கும் என்று நினைத்து மறுநாள் காலையில் டெம்போ பிடித்து ஈரோட்டுக்கு விரலி மூட்டையை அனுப்பிவிட்டார். குவிண்டாலுக்கு முந்நூறு ரூபாய் இறங்கியிருந்த விலைக்குத்தான் போனது.

அப்புச்சிக்கு சிவப்பு உணரும் செல் கண்ணில் பிறப்பிலேயே வேலை செய்யாது. நிறக்குருடு என்றால் சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலேயே இரண்டு வகை உண்டு. பச்சை செல் பழுதானவர்களுக்கு இரண்டு நிறமும் குழம்பும், ஆனால் சிவப்பின் வெளிச்சம் பெரிதாகக் குறையாது. சிவப்பு செல் பழுதானவர்களுக்கோ சிவப்பே இருண்டுவிடும், கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். அப்புச்சி இந்த இரண்டாவது வகை. இது அம்மா வழியாக இறங்குவது, என் தம்பிக்கும் அப்படியே வந்திருக்கிறது, அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை.

சேனலில் தெரிந்த ஒருவரிடம் சொன்னேன். "கான்ட்ராஸ்ட் செக் பண்ணித்தாங்க போடறோம், பாஸ் ஆகுது" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அளக்கிற இந்தக் கணக்கில் கறுப்பின் மேல் வெள்ளைக்கு 21, அதுதான் உச்சம். வெள்ளை மேல் வெள்ளைக்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும் என்பது இணையத்துக்கான விதி, வீடியோக்காரர்களும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முழுச் சிவப்பு `#FF0000` கறுப்பின் மேல் 5.25 வருகிறது. பாஸ்தான். ஆனால் அந்தக் கணக்கு சிவப்பு, பச்சை, நீலம் உணரும் மூன்று வகை செல்லும் நன்றாக இருக்கிற கண்ணுக்குப் போட்ட கணக்கு. சிவப்புக்கு இவ்வளவு வெளிச்சம் என்று அதில் எழுதி வைத்திருக்கிறது, அந்த வெளிச்சம் அப்புச்சியின் கண்ணுக்குப் போய்ச் சேரவே இல்லை. திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்துச் சரி என்று விடுகிற பழக்கமும் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதிலும் இதே கோளாறுதான், சிவப்பு அங்கே நல்ல சாம்பலாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தும்தான் வைப்பார்கள். வெள்ளை எழுத்து வெளிச்சத்தால் ஆனது, கூர்மையாக நிற்கும். சிவப்பு எழுத்தில் பாதி வேலை நிறத்துடையது, அதனால் ஓரம் கசியும். எடிட்டிங் மானிட்டரில் நன்றாக இருந்த 6, டிவியில் 8 மாதிரி ஆகிவிடும், க் மேல் இருக்கிற புள்ளி க-வோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்போ சிவப்பே வேண்டாமா என்றால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இடத்தை மாற்றினால் போதும். எழுத்தை வெள்ளையாக்கி, அடர்ந்த சிவப்பு `#8B0000` நிறத்தைப் பட்டைக்குக் கொடுத்தேன். கணக்கு 10 வந்தது. அப்புச்சிக்கு அந்தப் பட்டை இன்னும் இருட்டாகத்தான் தெரியும், அதனால் வெள்ளை எழுத்து இன்னும் எடுப்பாக நிற்கும், குறையே இங்கே உதவிக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஏற்றத்துக்கு வைக்கிற அடர்ந்த பச்சைப் பட்டையும் அவருக்கு அதே மாதிரி இருட்டுதான், ஆகவே நிறத்தை நம்பி விடக் கூடாது, பக்கத்தில் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ ஒரு முக்கோணமும் "ஏற்றம்", "இறக்கம்" என்ற வார்த்தையும் கட்டாயம் வேண்டும். மாதிரி செய்து டிவியில் போட்டுக் காட்டினேன், தம்பியும் அப்புச்சியும் கட்டிலில் இருந்தபடியே எல்லா வரியையும் வாசித்தார்கள்.

சரி, இது விலைப் பட்டை. உங்கள் பேட்டி வீடியோவில் வரும் வசன எழுத்து வேறு மாதிரி சங்கடம். அம்முச்சிக்குக் காது மந்தம், ஒரு கண்ணில் புரை, எழுத்தைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். பேட்டி கொடுக்கிற விவசாயி வெள்ளை வேட்டி சட்டையில் வருகிறார், எழுத்தும் வெள்ளை, அடியில் பாதி ஊடுருவுகிற கறுப்புப் பெட்டி. அவர் மஞ்சள் காட்டுக்குள் நிற்கிறபோது அம்முச்சி படித்துவிடுவார், கேமரா கிட்டே வந்து வேட்டி பெட்டிக்குப் பின்னால் வந்ததும் விட்டுவிடுவார். ஒரு காட்சியை நிறுத்திச் சோதித்தால் இது அகப்படாது, பின்னணி ஓடிக்கொண்டே இருக்கிறதே.

நான் இப்போது செய்வது இதுதான். பின்னால் சுத்த வெள்ளையை வைத்து, அதன் மேல் பெட்டியையும் எழுத்தையும் போட்டுச் சோதிக்கிறேன், அதைவிட மோசமான பின்னணி வெள்ளை எழுத்துக்கு இல்லை. பெட்டியின் கறுப்பு 50 சதவீதம் இருந்தால் 3.9 வருகிறது, தேறவில்லை. 60 சதவீதம் வைத்தால் 5.7, தேறுகிறது. ஆனாலும் அம்முச்சி அதில் திணறினார், புரை இருக்கிற கண்ணுக்குள் வெளிச்சம் சிதறி எல்லாவற்றையும் வெளுக்கடித்துவிடும். 75 சதவீதம் வைத்ததும் 10-ஐத் தாண்டியது, அப்புறம் அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை. படம் மறைகிறது என்று கேமராமேன்கள் வருத்தப்படுவார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு, பெட்டியை இரண்டு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடுகிறது.

நிறச் சோதனைக்குத் தனியாகச் செலவு வேண்டாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் பகுதியில் `Simulate color space` என்று இருக்கும், அதில் `Protanomaly` வைத்து உங்கள் விலை வீடியோவை ஒருமுறை ஓடவிடுங்கள். சிவப்பு செல்லில் குறை இருப்பவர் பார்ப்பதை அது ஏறக்குறையக் காட்டும். அதில் சிவப்பு எண் மங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

உங்கள் வடிவமைப்பாளருக்கு நான் செய்த மாதிரிப் பட்டை வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன். இந்த வருட மஞ்சள் வரத்து தொடங்கும் முன்னால் மாற்றிவிட்டால் நல்லதுங்க.

அன்புடன்,
ஒரு வாசகன்,
கோபிசெட்டிபாளையம்