மிஞ்சி நிற்கும் இரண்டு விடைகள்: யாழ்ப்பாணத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் கற்பிப்போருக்கும், தவணைப் பரீட்சைக்கும் மாதிரிப் பரீட்சைக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் வணக்கம்.

பல்தேர்வு வினாத்தாள் திருத்திய பின் நடக்கும் கலந்துரையாடல் பற்றியே இந்த மடல். "பன்னிரண்டுக்கு இரண்டு, பதின்மூன்றுக்கு நாலு" என்று விடை இலக்கத்தைச் சொல்லி, சரியான விடைக்கு ஒரு விளக்கமும் கொடுத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். பிழைவிட்ட பிள்ளைக்கு அது போதாது. நாலு விடைகளில் இரண்டை அந்தப் பிள்ளை சரியாகவே வெட்டியிருக்கும். மிஞ்சிய இரண்டில் தவறானதைத் தெரிந்ததுதான் பிழை. தான் தெரிந்த விடை ஏன் சரிபோலத் தோன்றியது என்பதை ஒருவரும் சொல்லாவிட்டால், அடுத்த முறையும் அதே இடத்தில்தான் சறுக்கும்.

ஒரு வினாவை எடுத்துப் பார்ப்போம்.

"கிணற்று நீரினுள் முற்றாக அமிழ்ந்துள்ள இரும்புக் கட்டியொன்று, நீர்மட்டத்தை அடையாதவாறு, கயிற்றினால் மெதுவாக மேலே இழுக்கப்படுகின்றது. அப்போது கட்டியின் மீது தாக்கும் மேலுதைப்பு,
(1) படிப்படியாகக் குறையும்.
(2) மாறாதிருக்கும்.
(3) படிப்படியாகக் கூடும்.
(4) பூச்சியமாகும்."

மூன்றையும் நாலையும் பெரும்பாலான பிள்ளைகள் உடனே விட்டுவிடுவார்கள். போட்டி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான். ஒன்றைத் தெரியும் பிள்ளையின் நியாயம் இப்படிப் போகும்: ஆழம் குறைகிறது, ஆழம் குறைந்தால் நீரின் அமுக்கம் குறையும், ஆகவே மேலுதைப்பும் குறையும். முதல் இரண்டு படிகளும் முழுச் சரி. மூன்றாவதில்தான் கால் வழுக்குகிறது.

கணக்கில் காட்டினால் அந்த வழுக்கல் கண்ணுக்குத் தெரியும். கட்டி 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரமுகி என்று வைப்போம். அதன் ஒவ்வொரு முகமும் 0.01 சதுர மீற்றர். நீரின் அடர்த்தியை 1000 kg m⁻³ என்றும் g ஐ 10 m s⁻² என்றும் எடுப்போம். மேல்முகம் 3 மீற்றர் ஆழத்தில் இருக்கும்போது அங்கு நீரின் அமுக்கம் 30 000 Pa, ஆகவே அந்த முகத்தைக் கீழ்நோக்கி அமுக்கும் விசை 300 N. கீழ்முகம் 3.1 மீற்றரில் இருக்கிறது. அங்கு அமுக்கம் 31 000 Pa, மேல்நோக்கிய விசை 310 N. வித்தியாசம் 10 N. அதுதான் மேலுதைப்பு. இனிக் கட்டியை 2 மீற்றர் உயர்த்துவோம். மேல்முகத்தில் 100 N, கீழ்முகத்தில் 110 N. வித்தியாசம் அதே 10 N. அமுக்கம் மூன்றிலொன்றாகக் குறைந்தும் மேலுதைப்பு அசையவில்லை, ஏனென்றால் இரண்டு முகங்களிலும் விசை ஒரே அளவால் குறைந்திருக்கிறது. (வளிமண்டல அமுக்கம் இரு முகங்களிலும் சமமாகச் சேர்வதால் அதை இங்கு விட்டுவிடலாம்.)

இந்த விளக்கத்தைப் பலரும் வகுப்பில் செய்கிறீர்கள். நாங்கள் கேட்பது இதற்கு அடுத்த படி. "படிப்படியாகக் குறையும்" என்பது எந்த வினாவுக்குச் சரியான விடை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வினாவில் "மேலுதைப்பு" என்ற சொல் இருக்கும் இடத்தில் "மேல்முகத்தில் நீர் உஞற்றும் அமுக்கம்" என்று இருந்தால் ஒன்றுதான் விடை. "நீர்மட்டத்தை அடையாதவாறு" என்பதற்குப் பதிலாக, மேல்முகம் நீர்மட்டத்தைத் தாண்டத் தொடங்கியதிலிருந்து என்று இருந்தாலும் ஒன்றுதான் விடை, ஏனென்றால் அப்போது இடம்பெயர்க்கப்படும் நீரின் கனவளவு குறைந்துகொண்டு வரும். கட்டி முற்றாக வெளியே வந்த பின் நீரின் மேலுதைப்பைக் கேட்டால் நாலு. வெளியே வந்துகொண்டிருக்கும்போது கயிற்றின் இழுவையைக் கேட்டால் மூன்று. கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்கு அந்த மூன்றாவதைக் கை தானாகவே சொல்லும்.

நன்றாக அமைத்த வினாவில் தவறான விடை ஒவ்வொன்றும் பக்கத்து வினாவொன்றின் சரியான விடை. பிள்ளைக்கு அது சரிபோலத் தோன்றுவது அதனால்தான். வாசிக்கும் வேகத்தில் பிள்ளை பக்கத்து வினாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறது.

இதைப் பரீட்சை மண்டபத்தில் செய்யும் ஒழுங்கு சிறியது. இரண்டு விடைகள் மிஞ்சியதும் விடைகளை விட்டுவிட்டு வினாவுக்குத் திரும்ப வேண்டும். கேட்கப்பட்ட கணியம் எது, அது எந்த நிலையில் கேட்கப்பட்டது என்ற இரண்டுக்கும் கீழே கோடிட வேண்டும். மேலே உள்ள வினாவில் "மேலுதைப்பு", "முற்றாக", "அடையாதவாறு" என்ற மூன்று சொற்களுக்கும் கோடு விழும். பிறகு மிஞ்சிய விடை ஒவ்வொன்றையும் வினாவோடு சேர்த்து ஒரே வசனமாக வாசித்து, கோடிட்ட சொற்கள் எல்லாம் உண்மையாக இருக்கும்போதே இந்த வசனம் பொய்யாகும் ஒரு சந்தர்ப்பம் உண்டா என்று தேட வேண்டும். ஒன்று கிடைத்தாலே அந்த விடை விழுந்தது.

நாடிகள் பற்றிய வினாவில் இந்தத் தேடல் சட்டென்று முடியும். "ஒட்சிசன் செறிந்த குருதியைக் கொண்டுசெல்லும் கலன்கள்", "இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் கலன்கள்" என்று இரண்டு விடைகள் மிஞ்சினால், சுவாசப்பை நாடி ஒன்றே முதலாவதை வீழ்த்தப் போதும்.

ஆனால் சில வினாக்களில் மிஞ்சிய இரண்டு விடைகளுமே உண்மையான கூற்றுகள். அங்கே பொய்யைத் தேடிப் பயனில்லை. இலையில் மாப்பொருள் உண்டா எனச் சோதிக்கும் பரிசோதனையை எடுங்கள். "இலையை மதுசாரத்தில் கொதிக்க வைப்பதன் நோக்கம்" என்று வினா இருக்க, விடைகளில் "கலங்களை இறக்கச் செய்தல்" என்றும் "பச்சையத்தை அகற்றல்" என்றும் இருக்கும். இரண்டும் அந்தப் பரிசோதனையில் நடப்பவைதான். முதலில் இலையைக் கொதிநீரில் இடுவது கலங்களை இறக்கச் செய்யவும் மென்சவ்வுகள் சிதைந்து பின்னர் அயடீன் இலகுவில் உட்செல்லவும். அடுத்து மதுசாரத்தில் இடுவது பச்சையம் கரைந்து வெளியேறி, அயடீன் தரும் நிறமாற்றம் மறைபடாமல் தெரிய. வினாவில் "மதுசாரத்தில்" என்ற ஒரு சொல்தான் படியைக் குறிக்கிறது. அதை "கொதிநீரில்" என்று மாற்றினால் விடையும் மாறிவிடும். மதுசாரம் உள்ள கொதிகுழாயை நேரடியாகச் சுவாலையில் பிடிக்காமல் சுடுநீர் உள்ள முகவையில் ஏன் வைக்கிறோம் என்று கேட்டால் விடை வேறு: மதுசார ஆவி எளிதில் தீப்பற்றும். ஒரே பரிசோதனை, மூன்று "ஏன்", மூன்று விடை. "சரியான அல்லது மிகப் பொருத்தமான விடை" என்று வினாத்தாளின் அறிவுறுத்தலில் இருப்பதை இவ்வாறான வினாக்களோடு சேர்த்துத்தான் விளங்கப்படுத்த வேண்டும். கூற்று உண்மையாக இருந்தால் போதாது, கேட்டதற்கு அது பதிலாகவும் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு பொறி உண்டு. நம் வசனத்தில் முடிவு கடைசியில்தான் வரும். "பின்வருவனவற்றுள் ... தொடர்பாகத் தவறான கூற்று" என்று நீளும் வரியில், பாதியிலேயே விடயம் பிடிபட்டுவிட்ட பிள்ளையின் கண் விடைகளுக்குத் தாவிவிடும். "தவறான" என்ற சொல் அதற்குப் பின்னால்தான் நிற்கும். வேற்றுமை உருபுகளும் அப்படியே: "நீரினுள்" என்பதும் "நீரிலிருந்து" என்பதும் அவசரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே வினாவின் கடைசிச் சொற்களை முதலில் வாசிக்கும் பழக்கத்தைப் பத்தாம் ஆண்டிலேயே தொடங்கலாம்.

சில குறுக்குவழிகளை வகுப்பறையிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பதிலும் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். "எப்போதும் என்று வந்தால் அந்த விடை பிழை" என்று சொல்லிக் கொடுப்பது அவற்றுள் மோசமானது. மேலுதைப்பு இடம்பெயர்க்கப்பட்ட பாயியின் நிறைக்கு எப்போதும் சமன் என்பது சரியான கூற்று. மேலுதைப்பு பொருளின் நிறைக்கு எப்போதும் சமன் என்பதே பிழை, அது பொருள் ஓய்வில் மிதக்கும்போது மாத்திரம் பொருந்தும். இரண்டிலும் "எப்போதும்" இருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டால் வெட்டாமல், அதை உடைக்கும் ஓர் உதாரணத்தைத் தேடச் சொல்லுங்கள். விடையை மாற்றக்கூடாது என்ற அறிவுரையும் அரைகுறைதான். மாற்றுவதற்குக் காரணமான சொல்லை வினாவில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மாற்றலாம். வெறும் சந்தேகம் மட்டும் என்றால் விட்டுவிடுவது நல்லது.

இதெல்லாம் நேரத்துக்குள் அடங்குமா? 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். எல்லா வினாவுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. முதற் சுற்றில் இரண்டு மிஞ்சிய வினாவுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு இலக்கங்களையும் குறித்துவிட்டு முன்னே போய், பிறகு அவற்றுக்கு மாத்திரம் திரும்பினால் போதும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாததால் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மேலுதைப்பு இடம்பெயர்ந்த பாயியின் நிறையில் தங்கியிருக்கிறது என்று தெரியாத பிள்ளை "முற்றாக" என்ற சொல்லை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் வராது. வெறும் ஞாபகத்தைக் கேட்கும் வினாக்களிலும் இதற்கு வேலையில்லை.

இனி வினாத்தாள் தயாரிப்போரிடம் ஒன்று. சொல்லைச் சொல்லாகப் பார் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நாமே சொல்லில் கவனமில்லாமல் இருந்தால் அது நியாயமாகாது. இதே வினாவை "நீரில் அமிழ்ந்துள்ள கட்டியொன்று நீரிலிருந்து மெதுவாக மேலே இழுக்கப்படும்போது" என்று எழுதினால், முழுவதும் நீரினுள் நடக்கும் அசைவை நினைத்த பிள்ளைக்கு இரண்டு சரி, வெளியே வருவதை நினைத்த பிள்ளைக்கு ஒன்று சரி. எந்த இலக்கத்துக்குப் புள்ளி கொடுத்தாலும் நன்றாகப் படித்த ஒரு பிள்ளை இழக்கும். தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன், தவறான விடை ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எந்த வினாவின் சரியான விடை என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த விடையை ஒருவரும் தெரியமாட்டார்கள், வேறொன்றைப் போடுங்கள். ஓரத்தில் எழுதிய வினா நீங்கள் கேட்ட வினாவாகவே இருந்தால் விடைகளைத் தொட வேண்டாம். வினாவுக்குப் போய், "நீரிலிருந்து" என்பதை வெட்டிவிட்டு "நீர்மட்டத்தை அடையாதவாறு" என்று எழுதுங்கள்.

இங்ஙனம்,
விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.