வழுவை மூடும் முன் அதன் மூலத்தை எழுதுங்கள்: யாழ்ப்பாணத்து மென்பொருள் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவர்களே,

முன்பு ஒழுங்காக இயங்கிய ஒன்று புதிய பதிப்பில் பழுதானால், நீங்கள் திருத்திவிட்டு 'சரிசெய்யப்பட்டது' என்று பதிவை மூடிவிடுகிறீர்கள். எந்த மாற்றம் அதைப் பழுதாக்கியது என்று யாரும் எழுதுவதில்லை. என் சண்டை அதனோடுதான்.

அண்மையில் ஒரு மருத்துவ நிலையத்தின் நோயாளர் பதிவு மென்பொருளில் 'கோப்பாய்' என்று தேடினால் சிலர் அகப்படவில்லை. பட்டியலைத் திறந்தால் இருக்கிறார்கள். 'கோ' என்பதன் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலுக்கு அவை வேறு வேறு.

தேடல் நிரலில் `git blame` போட்டதும் ஓர் இளைஞரின் பெயர் வந்தது. பாவம், அவர் அந்த வரியின் இடைவெளியை மட்டுமே ஒழுங்குபடுத்தியிருந்தார். உண்மையில் எங்கே உடைந்தது என்பதை இருகூறாக்கித் தேடித்தான் கண்டுபிடித்தோம்:

```
git bisect start HEAD v2.3
git bisect run ./search_test.sh
```

ஒவ்வொரு சோதனையும் மிச்சத்தைப் பாதியாக்குவதால், 200 மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய 8 சோதனைகள் போதும். தொகுக்க முடியாத பதிப்பு குறுக்கிட்டால் உங்கள் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறட்டும். கிட் அதைத் தாண்டிப் போகும். ஆனால் ஒரே கமிட்டில் நாற்பது கோப்புகளைத் திணிப்பவர்களுக்கு இந்தத் தேடல் அந்த நாற்பதையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

குற்றவாளி தேடல் நிரலில் இல்லை, இறக்குமதியில் இருந்தது. பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் பிரிந்து வரும் குறிகளை ஒன்றாக்கும் படியை, தேவையற்றது என்று ஒருவர் நீக்கியிருந்தார். அவரும் அவரது மாற்றத்தைப் பார்வையிட்டவரும் விசைப்பலகையில் நேரடியாகத் தட்டிய பெயர்களை வைத்தே சோதித்திருந்தார்கள். அவற்றில் குறி பிரிவதில்லை. பிரிந்த குறியுள்ள ஒரு பெயர் சோதனைத் தரவில் சேர்ந்தது அதன் பிறகுதான்.

மூலம் தெரிந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. அந்த மாற்றம் எந்தப் பதிப்பில் வெளியானதோ, அதை நிறுவிய நாள் முதல் இறக்குமதியான பதிவுகள் எல்லாம் பிரிந்த குறிகளோடு கிடக்கின்றன. நிரலைத் திருத்தினால் அவை திருந்தா. தனியே மாற்றியாக வேண்டும். எந்த நாளிலிருந்து என்பதை வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கவும் முடிந்தது.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இதைத் திருத்தத்தின் செய்தியிலேயே ஒரு வரியாக எழுதுகிறார்கள்:

```
Fixes: 4f1c9a7be203 ("import: drop normalise step")
```

எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்கு இந்தத் திருத்தம் போகவேண்டும் என்பதை அந்த வரியைக் கொண்டே முடிவு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. இருகூறாக்கித் தேடுவது, அறிகுறி முதலில் தோன்றிய மாற்றத்தைத்தான் காட்டும். சிலவேளை அந்த மாற்றம் சரியானதாகவே இருக்கும். வெகுநாள் ஒளிந்திருந்த பழைய தவறு ஒன்றை அது வெளியே இழுத்திருக்கும். ஆகவே உங்கள் வழுப் பதிவில் 'எந்த மாற்றத்தால்' என்றொரு புலம் சேருங்கள். அதில் கமிட் எண் மட்டும் இருக்கட்டும், ஆளின் பெயர் வேண்டாம். பெயரைக் கேட்டால் அடுத்த முறை அந்தப் புலம் வெறுமையாகவே வரும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மென்பொருள் சோதனையாளர்