ஏழாண்டுக் கணக்கைப் பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு 06
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள மகளுக்கு,

ஏசிசிஏ கணக்காளர் தகுதியில் எத்தனை தரம் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம், ஆகையால் கடைசிப் பாடத்தை வேலை குறையும்போது எழுதிக்கொள்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னாய். முதற்பாதி சரிதான், எழுதும் தடவைகளுக்கு அவர்கள் எல்லை வைக்கவில்லை. அவர்கள் எண்ணுவது தடவைகளை அல்ல, ஆண்டுகளை.

கீழ்நிலைப் பாடங்களில் நீ பெற்ற சித்திகள் காலாவதியாவதில்லை. இறுதி நிலையான ஸ்ட்ராட்டீஜிக் புரொஃபெஷனலில் மட்டும், முதற்பாடத்தில் சித்தியடைந்த நாளிலிருந்து நான்கு பாடங்களையும் முடிக்க ஏழு ஆண்டுகள் தரப்படுகின்றன. பதிவுசெய்த நாளோ முதலில் எழுதித் தோற்ற நாளோ கணக்கில் வராது. பத்து ஆண்டுகள் என்று மாமா சொன்னது, முழுத் தகுதிக்கும் சேர்த்து முன்பு இருந்த விதி. அது 2016இல் மாறிவிட்டது. அவர் தம் காலத்தில் படித்ததை இன்னும் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் கணக்கைப் பார்ப்போம். நிதி அறிக்கையிடல் பாடமான எஸ்பிஆரில் 2019 யூனில் சித்தியடைந்தாய். வணிகத் தலைமைத்துவப் பாடமான எஸ்பிஎல் 2020 டிசெம்பரிலும், கணக்காய்வுப் பாடம் 2022 செப்டெம்பரிலும் முடிந்தன. நிதி முகாமைத்துவப் பாடமான ஏஎஃப்எம் மட்டும் மீதம். ஆகவே உன் கடிகாரம் 2019 யூனில் ஓடத் தொடங்கியது. 2026 யூன் அமர்வுக்குள் ஏஎஃப்எம்மில் சித்தியடைந்தால் நான்கும் ஒரே ஏழாண்டுக்குள் அடங்கிவிடும், அதன்பின் எந்தச் சித்தியும் உன்னை விட்டுப் போகாது.

அந்த எல்லை தாண்டினால் எல்லாமே அழிந்துபோகும் என்று உன் தோழி பயமுறுத்தினாளாம். அதுவும் சரியில்லை. ஏழு ஆண்டுகளைத் தாண்டிய சித்தி மட்டுமே விழும். உன் விடயத்தில் எஸ்பிஆர். எஸ்பிஎல் 2027 டிசெம்பர் வரையிலும், கணக்காய்வு 2029 செப்டெம்பர் வரையிலும் நிற்கும். ஆனால் அப்போது கணக்கின் தொடக்கம் எஸ்பிஎல்லுக்கு நகர்ந்துவிடும். 2026 செப்டெம்பரில் ஏஎஃப்எம் முடிந்தாலும் எஸ்பிஆரை மீண்டும் எழுதவேண்டும். 2027 டிசெம்பருக்குள் அது கைகூடாவிட்டால் எஸ்பிஎல்லும் கழன்றுவிடும். ஒவ்வொரு தாமதமும் பின்னாலிருந்து ஒரு பாடத்தை உதிர்த்துக்கொண்டே வரும் இந்த உருளும் தன்மையைத்தான் பலர் கவனிப்பதில்லை.

மீண்டும் எழுதுவதென்றால் பழைய குறிப்புகளைத் தூசி தட்டி எழுதலாம் என்று எண்ணாதே. நிதிக்கூற்றுகளின் முன்வைப்பை மாற்றியமைக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற சர்வதேசக் கணக்கீட்டு நியமம் வெளியானது 2024இல். 2019இல் நீ அதைப் படித்திருக்கவே முடியாது. கணக்காய்வுப் பாடம் காலாவதியாகியிருந்தால், அது தெரிவுப் பாடம் என்பதால், வேறொரு தெரிவுப் பாடத்தை எடுத்துச் சமாளிக்கலாம். எஸ்பிஆர் கட்டாயப் பாடம். அதற்கு மாற்று வழி இல்லை.

உனக்கு முன்னால் 2025 டிசெம்பர், 2026 மார்ச், 2026 யூன் என மூன்று அமர்வுகள் இருக்கின்றன. யூனில் எழுதுகிறேன் என்பது, ஒரே தடவையில் ஐம்பது புள்ளிகள் எடுத்தே ஆகவேண்டும் என்று நீயே உனக்கு விதித்துக்கொள்வதாகும். டிசெம்பரில் எழுதினால் பெறுபேறு ஜனவரி நடுப்பகுதியில் வரும், மார்ச்சுக்கு விண்ணப்பிக்க அப்போதும் நேரம் இருக்கும். மார்ச்சில் தவறினாலும் ஏப்ரல் நடுப்பகுதியில் தெரிந்துவிடும், யூன் கையில் இருக்கும். தயாரிப்பு போதாது என்று தோன்றினால் மார்ச்சிலாவது கட்டாயம் உட்கார். நீ இருக்கும் தோஹாவில் ஆண்டு இறுதிக் கணக்கு மூடல் வேலை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் மார்ச்சையும் சொல்கிறேன்.

இன்னொன்று, ஆண்டுச் சந்தா. அதைக் கட்டாமல் விட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். பிறகு மறுபதிவு செய்யலாம், ஆனால் அந்த இடைவெளிக்காகக் கடிகாரம் நிற்பதில்லை. திரும்பி வரும்போது இன்னும் செல்லுபடியாகும் சித்திகளே உன் பெயரில் சேரும். முப்பத்தாறு மாத வேலை அனுபவம் இந்த ஏழாண்டுக்குள் முடியவேண்டியதில்லை. அதைப் பற்றிய கவலையை இப்போதைக்கு ஒதுக்கிவை.

உன் மாணவர் கணக்கினுள் புகுந்து ஒவ்வொரு சித்தியின் திகதியையும் பார்த்து எனக்கு அனுப்பு. நான் மேலே எழுதியவை என் ஞாபகத்திலிருந்தும் உன் பழைய பெறுபேற்றுக் கடிதங்களிலிருந்தும் எடுத்தவை. ஒரு அமர்வு மாறியிருந்தாலும் கணக்கு முழுவதும் மாறும். டிசெம்பருக்கான விண்ணப்பத்தை இந்த வாரத்திலேயே முடித்துவிடு.

அன்புடன்,
அப்பா